"டிரான்ஸ்லேட்" என்று மட்டும் சொல்லி வந்த கடை போர்டு: என்ன பதில் அனுப்புவது?

#1 வாசல்படி

வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கான மொழி உதவிக் குழு ஒன்றின் எண்ணுக்கு இந்தப் படம் வந்திருக்கிறது. படத்துக்குக் கீழே ஒரே சொல்: "டிரான்ஸ்லேட்". எந்த ஊர், என்ன மொழி, எதற்காக, பதில் தமிழிலா ஆங்கிலத்திலா, எதுவும் இல்லை. வணக்கம்கூட இல்லை.

எழுத்து ஜாங்கிரி பிழிந்த மாதிரி சுருள் சுருளாக இருக்கிறது. மொத்தம் ஐந்து வரி. முதல் வரி பெரிது, இரண்டாவது சின்னதாக ஒரே சொல், மூன்றாவதில் மூன்று சொற்கள். நான்காவதில் 3 அல்லது 8, அதன் பக்கத்தில் % குறி. கடைசி வரியில் 24 என்ற எண் தெளிவாகத் தெரிகிறது. கீழே இருந்து அண்ணாந்து எடுத்த படம். நான்காவது வரி மேல் வெயில் பட்டுப் பளபளக்கிறது.

இரண்டு கேள்வி. இதில் என்ன எழுதியிருக்கிறது? அதைவிட முக்கியம், இப்படி ஒரே சொல்லோடு வருகிறவர்களிடம் முதலில் நாலு கேள்வி கேட்பதா, தெரிந்ததை அனுப்பிவிடுவதா?

#2 கார்த்தி_90

இது பர்மா எழுத்து. வட்டம் வட்டமா இருந்தா பர்மீஸ்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லலாம்.

#3 மேகலை

கண்ணைத் திறந்து ஒருமுறை பாருங்கள் தம்பி. பர்மிய எழுத்தில் வட்டங்களுக்கு மேலும் கீழும் பக்கத்திலும் குறிகள் ஏறி உட்கார்ந்திருக்கும், நம் இகரக் குறி, உகரக் குறி மாதிரி. இந்தப் படத்தில் எந்த எழுத்தின் தலையிலும் காலிலும் எதுவும் இல்லை. ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கிறது, ஒன்றோடு ஒன்று சேரவில்லை. அதோடு சொற்கள் பெரும்பாலும் ஒரே எழுத்தில் முடிகின்றன: ஒற்றை வளைவுள்ள ი. இது ஜார்ஜிய எழுத்து. அந்த ი தான் அவர்களுடைய இகரம், உயிருக்கும் தனி எழுத்து. மொத்தமே 33 எழுத்து. உயிர்மெய் என்ற பேச்சே இல்லை, அதனால் பட்டியலை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்தில் எழுத்துக்கூட்டிவிடலாம்.

பக்கத்து நாடான ஆர்மீனியாவின் எழுத்தோடுதான் பலர் குழப்பிக்கொள்வார்கள். அதில் நேர்க்கோடுகள் அதிகம், நின்ற கம்பி மாதிரி இருக்கும். எழுத்தில் சந்தேகம் வந்தால் போர்டின் ஓரத்தைப் பாருங்கள். தொலைபேசி எண்ணில் +995 இருந்தாலோ, இணைய முகவரி .ge என்று முடிந்தாலோ ஜார்ஜியா. +374, .am என்றால் ஆர்மீனியா. எழுத்தையே படிக்கத் தெரியாதபோது எண்கள்தான் முதல் சாட்சி.

அடுத்த வேலை மொழிபெயர்ப்பு இல்லை. போர்டில் இருப்பதை அப்படியே தட்டச்சு செய்வது. போனில் ஜார்ஜிய விசைப்பலகையைச் சேர்த்துக்கொண்டு நேரடியாகத் தொட்டு அடிக்கலாம். கணினியில் ஆங்கில ஒலியை ஒட்டிய அமைப்பு இருக்கிறது. பெரும்பாலும் ஒலிப்படியே விழும், சிலவற்றுக்கு மட்டும் ஷிப்டு வேண்டும்:

```
lombardi   ლომბარდი
nino       ნინო
oqro       ოქრო
saaTi      საათი
TveSi      თვეში
```

படத்தில் எனக்குத் தெளிவாகத் தெரிந்த சொற்கள் இவைதான். மூன்றாவது வரியின் நடுச்சொல்லில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, நான்காவது வரியில் எண் தெளிவில்லை. அவற்றை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

#4 கார்த்தி_90

சரி, ஜார்ஜியா ஒத்துக்கிறேன். பட்டியல் வச்சு நானே எழுத்துக்கூட்டிட்டேன். முதல் வரி "லொம்பார்டி", ரெண்டாவது "நினோ". நினோ லொம்பார்டி! இத்தாலிக்காரர் பேரு, கண்டிப்பா பீட்சா கடை. கடைசி வரியில "சாத்தி", அகராதியில போட்டா கடிகாரம்னு வருது. 24 கடிகாரம். அது மட்டும்தான் இடிக்குது. பீட்சா கடையில எதுக்கு கடிகாரம்?

#5 மேகலை

எழுத்துக்கூட்டியது அத்தனையும் சரி. முடிவு அத்தனையும் தப்பு. இந்த வேலையில் அதிகம் நடப்பது இதுதான். ஒலி தெரிந்ததும் பொருள் தெரிந்துவிட்டதாக மனசு நம்பிவிடுகிறது.

ஜார்ஜிய மொழியில் மெய்யில் முடியும் பெயர்ச்சொல்லின் பின்னால் ஓர் இகரம் ஒட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து வந்த சொல்லுக்கும் அதே விதி. பேங்க் அங்கே "பாங்கி", மார்க்கெட் அங்கே "மார்க்கெட்டி". நாம் பஸ்ஸு, காரு, பேங்கு என்று உகரம் போட்டுக்கொள்வது போலத்தான். ஆக, முதலில் கடைசி இகரத்தைக் கழற்றிவிட்டு, மிச்சத்தை எங்காவது கேட்டிருக்கிறோமா என்று பார்க்க வேண்டும். லொம்பார்டியில் கழற்றினால் லொம்பார்ட்.

ரஷ்ய மொழியிலும் அதன் செல்வாக்கு இருந்த பல மொழிகளிலும் லொம்பார்ட் என்றால் அடகுக் கடை. இடைக்கால ஐரோப்பாவில் வட்டித் தொழில் செய்த வட இத்தாலிய லொம்பார்டிப் பகுதிக்காரர்களின் பெயர் அது. லண்டனில் லொம்பார்ட் தெரு என்று இருப்பதும் அதனால்தான். கார்த்திக்கு இத்தாலி வாசனை அடித்தது முழுப் பொய் இல்லை, எழுநூறு வருஷம் பிந்தி அடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

நினோ இத்தாலியில் ஆண் பெயர். ஜார்ஜியாவில் பெண் பெயர், அதுவும் மிகப் பரவலானது. 4-ஆம் நூற்றாண்டில் அந்த நாட்டுக்குக் கிறிஸ்தவத்தைக் கொண்டுவந்ததாக அவர்கள் போற்றும் புனிதையின் பெயர். நம் ஊரில் "மீனாட்சி அடகுக் கடை" என்று போர்டு இருந்தால் எப்படியோ அப்படி. பெயரை மொழிபெயர்க்கக் கூடாது, ஒலியை மட்டும் கொடுக்க வேண்டும்.

சாத்திக்கு இரண்டு பொருள்: மணி நேரம், கடிகாரம். நம் "மணி" ஒரே சமயத்தில் நேரமாகவும் கோவில் மணியாகவும் பாசிமணியாகவும் இருப்பது போல. இந்த போர்டில் அந்தச் சொல் இரண்டு இடத்தில் வருகிறது. மூன்றாவது வரியில் பொருள்களின் பெயர்களோடு வருவதால் அங்கே கைக்கடிகாரம், அடகு பிடிக்கும் பொருள். கடைசி வரியில் 24-க்குப் பக்கத்தில் வருவதால் அங்கே மணி நேரம். எண்ணுக்குப் பிறகு அவர்கள் பன்மை போடுவதில்லை, அதனால் சொல்லின் வடிவம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதை வைத்துத்தான் பிரிக்க முடியும்.

#6 செல்வம் ஆர்ட்ஸ்

வணக்கம்ங்க. ஜார்ஜியா பாசையில போர்டு போடணுமா? எழுத்தை வெக்டர் பைலா குடுத்தா அக்ரிலிக்ல வெட்டித் தந்துடலாம். ஆனா ஒண்ணு, எழுத்தெல்லாம் ஒரே உயரமா வேணுமா, மேல கீழ வால் விட்டு வேணுமா, முன்னாடியே சொல்லிடுங்க. ஒரே உயரமா வெட்டினா போர்டு பார்க்க கச்சிதமா இருக்கும், பாஷை தெரியாதவங்களுக்குத் தான் எது எதுன்னு தெரியாம போயிடும்.

#7 வாசல்படி

அண்ணே, போர்டு செய்ய வேண்டாம், வந்த போர்டைப் படிக்க வேண்டும். ஆனால் நீங்கள் சொன்னது உதவுகிறது. இந்தப் படத்தில் எல்லா எழுத்தும் ஒரே உயரத்தில்தான் இருக்கிறது. அதனால்தான் பட்டியலோடு ஒப்பிட்டபோது எனக்கு ஒன்றும் பொருந்தவில்லை போல.

மூன்றாவது வரியின் முதல் சொல் ოქრო, அகராதியில் தங்கம் என்று வருகிறது. அதற்கும் கடிகாரத்துக்கும் நடுவில் உள்ள சொல்லில் ஓர் எழுத்து இடம் காலி. அது இரண்டு சொல்லா, ஒரே சொல்லா?

#8 செல்வம் ஆர்ட்ஸ்

படத்தை இப்பத்தான் பார்த்தேன், மன்னிச்சுக்குங்க. அது தனித்தனியா வெட்டி ஒட்டின எழுத்து. அந்தக் காலி இடத்தைப் பெருசு பண்ணிப் பாருங்க. ரெண்டு சொல்லுக்கு நடுவுல விட்ட இடம்னா பின்பலகை சீரா ஒரே நிறத்துல இருக்கும். எழுத்து விழுந்த இடம்னா அந்த உருவத்துலயே கொஞ்சம் பளிச்சுனு இருக்கும், ஏன்னா வெயில் அங்க படல. கூடவே பசைத் தடமோ ஆணி ஓட்டையோ இருக்கும். இதுல பளிச்சுனு மூணு வளைவு தெரியுது.

ராத்திரி எடுத்த படமா இருந்தா இன்னும் உஷாரா இருக்கணும். உள்விளக்கு ரெண்டு எழுத்துல அணைஞ்சிருந்தா சொல்லே வேற ஆயிடும்.

#9 மேகலை

செல்வம் அண்ணன் பாதி வேலையை முடித்துவிட்டார். மூன்று வளைவு என்றால் ლ, அதாவது லகரம். வளைவு எண்ணிக்கைதான் இந்த எழுத்தில் பெரிய கண்ணி: ი ஒரு வளைவு, ო இரண்டு, ლ மூன்று. வெயில் பட்டு ஒரு வளைவு மறைந்தாலும் ஒகரம் இகரம் ஆகிவிடும். ვ, კ இரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் படிப்பார்கள். მ, ძ இன்னொரு ஜோடி. அகராதியில் சொல் கிடைக்கவில்லையென்றால், மொழியைச் சந்தேகிக்கும் முன் இந்த ஜோடிகளை மாற்றிப்போட்டுப் பார்க்க வேண்டும்.

விழுந்த லகரத்தைச் சேர்த்தால் ვერცხლი, "வெர்த்ஸ்ஹ்லி". வெள்ளி. தங்கம், வெள்ளி, கடிகாரம். அடகுக் கடை என்று முன்பு எடுத்த முடிவை இந்த வரி தனியாக உறுதி செய்கிறது. ஒரு வரியை வைத்து எடுத்த முடிவை இன்னொரு வரி ஒத்துக்கொள்ள வேண்டும். பீட்சா கடையில் கடிகாரம் இடித்ததே, அந்த இடியை அசட்டை செய்திருக்கக் கூடாது.

இன்னும் சந்தேகம் இருந்தால், முதல் வரியைத் தட்டச்சு செய்து வரைபடச் செயலியில் ஜார்ஜியத் தலைநகர் திபிலிசிப் பக்கம் தேடிப் பாருங்கள். பல கடைகள் அதே சொல்லோடு வந்தால் அது கடையின் வகை. ஒன்றிரண்டு மட்டும் வந்தால் பெயராக இருக்கலாம்.

#10 கார்த்தி_90

நாலாவது வரியை நான் பார்க்கிறேன். "த்வேஷி 3%-தன்". தன்... தான்! 3% தான்! வெறும் மூணு பர்சென்ட் தான்னு விளம்பரம். தமிழ் எங்கெல்லாம் போயிருக்கு பாருங்க.

#11 மேகலை

சிரித்துவிட்டேன். ஆனால் இந்த ஒரு தப்புதான் படம் அனுப்பியவரின் பாக்கெட்டைத் தொடும், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

த்வே என்றால் மாதம். அதில் ஒட்டியிருக்கும் "ஷி" நம் "இல்" மாதிரி, சொல்லின் வாலில் வரும். மாதத்தில். அடுத்து "தன்". அது "இலிருந்து". ஆக, "மாதத்துக்கு 3%-இலிருந்து". மூன்று என்பது தொடக்கம், உச்சம் இல்லை. அடகு வைக்கும் பொருளுக்கும் தொகைக்கும் ஏற்ப மேலே போகலாம் என்று போர்டே சொல்கிறது. "தான்" என்று அனுப்பினால் பொருள் தலைகீழாகிவிடும். எண்ணுக்குப் பின்னால் சின்னதாகக் கோடு போட்டு ஒட்டியிருக்கும் இந்த மூன்று எழுத்தைத்தான் அவசரத்தில் எல்லோரும் விட்டுவிடுவார்கள்.

இன்னொன்று, "3% வட்டி" என்று மட்டும் எழுதினால் வங்கிக் கணக்கில் பழகியவர் வருஷத்துக்கு என்று எடுத்துக்கொள்வார். நம் ஆட்களுக்கு இதற்குக் கச்சிதமான பேச்சு இருக்கிறது: மூணு வட்டி. நூற்றுக்கு மாதம் மூன்று. அப்படிச் சொன்னால் ஊரில் நகை அடகு வைத்த வீட்டுப் பிள்ளைக்குச் சட்டென்று புரியும். சந்தேகம் வேண்டாம் என்றால் வருஷக் கணக்கில் 36 என்பதையும் பக்கத்தில் போடலாம்.

இத்தனையும் அந்த எண் 3 என்றால்தான். எனக்கு 3 என்றே படுகிறது, சத்தியம் செய்ய மாட்டேன்.

#12 பானு

இதே தலைவலி எனக்கும். உலான் பாத்தர் போர்டு ஒன்று, ரஷ்ய எழுத்து. ரஷ்ய அகராதியில் ஒரு சொல்லும் கிடைக்கவில்லை: хүнсний дэлгүүр. பக்கத்துக் கடையில் ломбард என்று இருப்பதை மட்டும் இந்த இழையைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்!

#13 மேகலை

எழுத்து ரஷ்யாவில் இருந்து வந்தது, மொழி மங்கோலியம். ү என்ற எழுத்து ரஷ்ய மொழியில் கிடையாது. அது கண்ணில் பட்டவுடனே ரஷ்ய அகராதியை மூடிவிடலாம். அந்தச் சொற்கள் மளிகைக் கடை. இந்தி, மராத்தி, நேபாளி மூன்றும் ஒரே எழுத்தில் எழுதப்படுவதை நாம் அறிவோம். ळ அடிக்கடி தென்பட்டால் மராத்தி என்று யூகிக்கிறோமே, அதே வித்தைதான். முதலில் எழுத்து, பிறகு மொழி. இரண்டையும் ஒன்றாகக் கருதினால் வழி தவறும்.

#14 தணிகைவேல்

வாசல்படியின் இரண்டாவது கேள்வியை யாரும் தொடவில்லை. என் கருத்து: முதலில் கேட்க வேண்டும். எந்த மொழியில் வேண்டும், எதற்கு வேண்டும் என்று தெரியாமல் அனுப்பினால் பொறுப்பு நம் தலையில். வட்டி விஷயம் வேறு. நாளைக்கு நகையை வைத்துவிட்டு "நீங்கள் சொன்னீர்களே" என்பார்.

#15 மேகலை

சார், அவர் தெருவில் கடைக்கு எதிரே நின்றுகொண்டிருக்கிறார் என்று வையுங்கள். நாம் நாலு கேள்வி அனுப்பினால் அவர் பதில் தட்டுவதற்குள் அங்கிருந்து போய்விடுவார், அல்லது நமக்குப் பதிலே வராது. கேள்விகளில் பாதிக்கான பதில் படத்திலேயே இருக்கிறது. தமிழ்க் குழுவின் எண்ணுக்கு அனுப்பியிருக்கிறார், பதில் தமிழில். எதிர்ச்சாரியிலிருந்து முழுக் கடையும் தெரிய எடுத்திருந்தால் "இது என்ன கடை" என்பது கேள்வி. இவரோ கிட்டே போய், அண்ணாந்து, நான்காவது வரி நடுவில் வரும்படி எடுத்திருக்கிறார். மேல் வரியின் ஓரம் வெட்டுப்பட்டதைக்கூட அவர் பொருட்படுத்தவில்லை. கேள்வி வட்டியைப் பற்றியது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் அது யூகம். அதனால் ஐந்து வரியையும் கொடுத்துவிட்டு, யூகித்த வரிக்கு மட்டும் கூடுதலாக ஒரு வாக்கியம்.

நான் அனுப்புவதென்றால் இப்படி:

"இது ஜார்ஜிய மொழி. அடகுக் கடை போர்டு. கடையின் பெயர் நினோ. அடகு பிடிப்பவை: தங்கம், வெள்ளி, கைக்கடிகாரம். வட்டி மாதத்துக்கு 3 சதவீதத்திலிருந்து தொடங்குகிறது, அதாவது மூணு வட்டியும் அதற்கு மேலும். இந்த எண் படத்தில் மங்கலாக இருக்கிறது, 8 ஆகவும் இருக்கலாம். 24 மணி நேரமும் திறந்திருக்கும். வட்டி வரியை மட்டும் கிட்டத்தில் இன்னொரு படம் எடுத்து அனுப்ப முடியுமா?"

முதல் இரண்டு வாக்கியத்திலேயே அவசரக்காரருக்கு வேண்டியது கிடைத்துவிடும். தெரியாததைத் தெரியாது என்று அந்த இடத்திலேயே சொல்லியாயிற்று. கேள்வி ஒன்றே ஒன்று, அதுவும் கடைசியில். கடையில் நகை வைக்கலாமா கூடாதா என்று நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை, அது அவர் கேட்காதது.

#16 தணிகைவேல்

ஒழுங்கான பதில்தான். ஆனால் மூல எழுத்தையும் சேர்த்து அனுப்ப வேண்டும். நாம் தப்பாகப் படித்திருந்தால் அங்கே உள்ளவர் யாரிடமாவது காட்டிச் சரிபார்ப்பார். அது இல்லாமல் தமிழை மட்டும் அனுப்பினால் தப்பைக் கண்டுபிடிக்கவே வழியில்லை. முதலில் கேட்பதே சரி என்ற என் கருத்தில் மாற்றமில்லை, பணம் சம்பந்தப்பட்ட போர்டுக்காவது.

#17 மேகலை

மூல எழுத்தைச் சேர்ப்பது சரி, விட்டுவிட்டேன். அதைத் தனிச் செய்தியாக அனுப்பினால் நல்லது, அவர் அப்படியே நகலெடுத்துக்கொள்ளலாம். விழுந்த லகரத்தைச் சதுர அடைப்புக்குள் போடுங்கள், நாம் சேர்த்தது என்று தெரியட்டும். மற்றதில் நீங்களும் நானும் ஒத்துப்போகப் போவதில்லை.

#18 கார்த்தி_90

3-ஆ 8-ஆன்னு படத்தை அஞ்சு மடங்கு பெருசு பண்ணிப் பார்த்துட்டேன். இடது பக்கம் வளைவு மூடியிருக்கிற மாதிரி இருக்கு, ஆனா அது வெயில் பளபளப்பாவும் இருக்கலாம். கடைசி வரி 24 கூட ஒப்பிடலாம்னா அதுல வளைவே கம்மி.

#19 வாசல்படி

மேகலை அக்கா எழுதியதை அனுப்பிவிட்டேன், மூல எழுத்தோடு. நீலக் குறி விழுந்திருக்கிறது. பதில் இன்னும் இல்லை. அவர் மறுபடி படம் எடுத்தாலும் அதே பளபளப்பு வருமே, என்ன சொல்வது?

#20 செல்வம் ஆர்ட்ஸ்

நேரா நின்னு எடுத்தா மறுபடியும் அதேதான் வரும். போர்டுக்கு ஓரமா ரெண்டு மூணு அடி தள்ளி நின்னு, சாய்வா எடுக்கச் சொல்லுங்க. எழுத்து கொஞ்சம் ஒடுங்கித் தெரியும், பரவாயில்லை, படிச்சுடலாம். பிளாஷ் போட வேண்டாம், அது இன்னொரு வெளிச்சத்தைக் கொண்டாந்து அதே இடத்துல அடிக்கும். தொலைவுல நின்னு ஜூம் பண்றதை விட கிட்டப் போறது மேல். கேமராவைத் திறந்ததும் திரையில அந்த எண் மேலயே விரலை வச்சு அழுத்தினா வெளிச்சம் அதுக்கு ஏத்த மாதிரி குறையும். அதுலயும் சரியா வரலைன்னா சாயங்காலம் வெயில் இறங்கினப்புறம் எடுக்கட்டும், 24 மணி நேரமும் கடை இருக்குன்னு போர்டுலயே போட்டிருக்காங்களே.